மரபுத் தெருவில் யார் மிஞ்சுவார்கள்? ஜார்ஜ் டவுனுக்கு இருக்கும் நான்கு வழிகள்

பினாங்கிலிருந்து இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். சங்கத்துக்கு, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் யுனெஸ்கோ மரபு எல்லைக்குள் ஒரு வரிசை கடைவீடுகள் சொந்தம். எல்லாக் கூரையும் ஒழுகுகிறது. ஒரு ஹோட்டல்காரர், "மொத்த வரிசையையும் நீண்ட குத்தகைக்குக் கொடுங்கள், என் செலவில் அழகாகச் செப்பனிடுகிறேன்" என்கிறார். கீழே தையற்கடை, மசாலாக் கடை. மாடியில் வயதானவர்கள். இன்னொருவர் அதே எல்லைக்குள் மாத வாடகைக்குக் கடை நடத்துகிறார், அவருக்கு இது இரண்டாம் தலைமுறைக் கடை. உரிமையாளர் மாறப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அரசிடம் எதைக் கேட்டு மனுப்போடுவது என்று கேட்கிறார்.

இரண்டும் ஒரே கேள்விதான். பழைய நகரத்தைப் புதுப்பிக்கும்போது அங்கே வாழ்ந்தவர்களும் வியாபாரம் செய்தவர்களும் அங்கேயே இருக்க எந்த ஏற்பாடு உதவும்? வழக்கமாகப் பேசப்படுபவை நான்கு: வாடகைக் கட்டுப்பாடு, நிபந்தனையோடு மானியம், கட்டடப் பயன்பாட்டுக்கு வரம்பு, பொதுக் கைகளில் கட்டடம். நான்கையும் பார்க்கும் முன் ஜார்ஜ் டவுனில் எது எப்போது நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

## எது முதலில் வந்தது

1966-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997-ல் வந்தது. இடைக்காலச் சலுகை முடிந்து, 2000 ஜனவரி 1-ல் வாடகை முழுவதுமாகத் திறந்துவிடப்பட்டது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ் டவுனில் மைய எல்லை மட்டும் ஏறத்தாழ 109 ஹெக்டேர். 2009-லிருந்து செப்பனிடும் மானியங்கள் வந்தன. எந்தக் கட்டடத்தில் என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொல்லும் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் ஏறியது 2016-ல்.

முதலில் வாடகைதாரரின் பாதுகாப்பு போனது. அப்புறம் பெயர் வந்தது, அதன் பின்னால் பணம் வந்தது, கடைசியில்தான் விதி வந்தது. மரபு எல்லைக்குள் எடுத்த கணக்கெடுப்புகளில் 2009-ல் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை 2013-ல் சுமார் 9,400 ஆகியிருந்தது. நான்கு ஆண்டில் எழுநூறு பேர் என்றால் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வெளியேற்றத்தின் பெரிய அலை 2000-த்தை ஒட்டியே அடித்துவிட்டது. மிஞ்சி இருந்தவர்களில் குறைந்தவர்கள்தான் இந்த எழுநூறு பேர்.

## எதை வைத்து எடைபோடுவது

கட்டடம் எவ்வளவு அழகாக மீண்டது என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, உரிமையாளர் மாறினாலும் வாடகைதாரர் கையில் ஏதாவது மிஞ்சுமா? இரண்டாவது, கூரைக்கு யார் பணம் கொடுப்பது? இதற்குப் பதில் இல்லாத எந்தத் திட்டமும் பத்து வருடத்தில் கட்டடத்தோடு சேர்ந்து ஆளையும் இழக்கும். மூன்றாவது, பதினைந்து வருடம் கழித்தும் அது நிற்குமா?

நான்காவது கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. குடியிருப்பவர், வியாபாரி இருவரையும் அது சேர்த்துக் காக்கிறதா? மாடியில் ஆள் இல்லாவிட்டால் கீழே இருக்கும் பல சரக்குக் கடைக்கு அன்றாட வாடிக்கை போய்விடும். வாடகை ஏறாமலே அந்தக் கடை மூடும். கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடையும் நகைக்கடையும் தீவு முழுவதிலிருந்தும் வரும் வாடிக்கையாளர்களை நம்பி நிற்க முடியும். கால் கிலோ வெங்காயமும் ஒரு முழம் பூவும் விற்பவருக்கு அந்த வசதி இல்லை.

## வழி 1: வாடகைக் கட்டுப்பாடு

என்ன தருகிறது: உடனடிப் பாதுகாப்பு. சட்டம் கையெழுத்தான மறுநாளே வாடகைதாரர் நிம்மதியாகத் தூங்கலாம். கட்டடம் யார் கைக்குப் போனாலும் கட்டுப்பாடு கூடவே போகும். கடை, வீடு இரண்டுக்கும் பொருந்தும். ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் இடிபடாமல் தப்பியதற்கே இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். வாடகைதாரரை எழுப்பி இடித்துக் கட்டுவது லாபமாக இருக்கவில்லை.

மறைவான செலவு: கூரை. வாடகை பழைய அளவிலேயே நின்றால் உரிமையாளர் கூரை ஓடுகளை மாற்ற மாட்டார். மழை வழிந்து உத்தரத்தின் நுனி சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். அது வெளியே தெரியாது, தளம் தொய்ந்த பிறகுதான் தெரியும். இன்னொன்றும் நடந்தது. தலைமை வாடகைதாரர் முழு வீட்டையும் குறைந்த வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். கட்டுப்பாட்டின் பயன் அவரோடு நின்றது, அறையில் இருந்த தொழிலாளிக்கு எட்டவில்லை.

மிகப் பெரிய செலவு, கட்டுப்பாட்டை எடுக்கும் நாளில்தான் வரும். பல பத்தாண்டுகள் அழுத்தி வைத்ததை ஒரே நாளில் திறந்தால் வாடகை ஏணிப்படியில் ஏறாது, தாவும். பினாங்கில் பல மாடிகள் காலியாயின. சிலவற்றில், உணவாக விற்கும் பறவைக்கூட்டுக்காக உழவாரன் குருவிகளை வளர்த்தார்கள். அவற்றை 2013 முடிவுக்குள் மரபு எல்லையிலிருந்து அகற்றச் சொல்லி மாநில அரசு கெடு வைக்க வேண்டியிருந்தது. லிஸ்பனிலும் இதே கதைதான். 2012-ல் பழைய வாடகைகளைத் தளர்த்தினார்கள், சுற்றுலா பெருகியது, 2017-ல் பழைய கடைகளைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள்.

எப்போது நல்லது: மற்ற ஏற்பாடுகள் தயாராகும் வரை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு, முடியும் தேதியும் பழுதுபார்த்த செலவில் ஒரு பங்கை வாடகையில் சேர்க்கும் வழியும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால். நிரந்தர மருந்தாக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 2: நிபந்தனையோடு மானியம்

என்ன தருகிறது: கூரைக் கேள்விக்கு நேரான பதில். செப்பனிட அரசு ஒரு பங்கு கொடுக்கும். பதிலுக்கு உரிமையாளர் இருக்கிற வாடகைதாரரை, ஒப்புக்கொண்ட வாடகையில், இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும். இத்தாலியின் போலோன்யா நகரம் 1973-ல் தன் பழைய மையத்துக்கு இப்படி ஒரு திட்டம் தீட்டியது. முதலில் வீடுகளை அரசே எடுத்துக்கொள்வதாக இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், உரிமையாளரோடு ஒப்பந்தம் போடும் வழிக்கு மாறினார்கள். வியாபாரிகளுக்கு சான் பிரான்சிஸ்கோ நல்ல உதாரணம். அங்கே பழம்பெரும் கடைகளுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அப்படிப்பட்ட கடைக்குப் பத்து ஆண்டுக் குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு ஆண்டுதோறும் மானியம் தரும் திட்டம் வைத்தார்கள். பணம் சுவருக்குப் போகவில்லை, குத்தகைக்குப் போகிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

பினாங்கில் 2009-க்குப் பின் வந்த மானியங்களால் பல முகப்புகள் மீண்டன. அது உண்மையான நன்மை. ஆனால் மானியம் போதுமா என்பது அதன் அளவைவிட, எவ்வளவு செப்பனிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு கடைவீட்டின் பழைய வாடகை மாதம் 600 ரிங்கிட். வாடகைதாரரால் அதிகபட்சம் 1,000 கொடுக்க முடியும். முழு மரபுச் செப்பனிடலுக்கு 3 லட்சம் ஆகிறது. உரிமையாளர் 5% வட்டியில் 15 ஆண்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 2,370. அரசு 20% மானியம் தந்தால் தவணை 1,900. பாதியையே தந்தாலும் 1,190. வாடகைதாரரின் 1,000 எதற்கும் எட்டவில்லை. கடனை 20 ஆண்டாக நீட்டினால் 990 ஆகிறது, உரிமையாளர் கையில் பத்து ரிங்கிட் மிஞ்சும். அதே கட்டடத்துக்கு ஒரு கஃபே 5,000 தருகிறேன் என்று வந்து நிற்கும்போது இந்தப் பத்து ரிங்கிட்டை வைத்து அவரை நிறுத்த முடியாது.

இப்போது கணக்கை மாற்றுவோம். கூரை, மழைநீர்க் குழாய், மின்கம்பி, கழிப்பறை, உளுத்த உத்தர நுனிகள். இவை மட்டும் என்றால் 1,20,000 ஆகிறது. பாதி மானியம், மீதி 60,000-க்கு 15 ஆண்டுக் கடன், தவணை 474. வாடகைதாரர் 1,000 கொடுத்தால் உரிமையாளருக்கு 526 மிஞ்சும். பழைய 600-ஐவிட 74 தான் குறைவு, கட்டடமும் காப்பாற்றப்பட்டுவிட்டது. பூவேலைப்பாட்டையும் பழைய தரை ஓடுகளையும் இன்னொரு பத்தாண்டில் பார்த்துக்கொள்ளலாம், அவை மழையில் கரையப்போவதில்லை.

செலவைக் குறைக்கிறேன் என்று மலிவான சிமெண்ட் பூச்சை மட்டும் அனுமதிக்கக்கூடாது. பழைய செங்கல் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். முழங்கால் உயரத்துக்கு மேல் வெள்ளை உப்பு பூத்து வண்ணம் உரிந்தால் அதுதான் நடக்கிறது. அப்புறம் ஐந்து வருடத்தில் இன்னொரு மானியம் கேட்டு வர வேண்டியிருக்கும்.

மறைவான செலவு: நிபந்தனை காகிதத்திலேயே நின்றுவிடுவது. மலேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குட்பட்டதைப் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் உரிமைப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றிக்கொள்ளலாம். "பத்து வருடம் வைத்துக்கொள்கிறேன்" என்று உரிமையாளர் மானிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த கடிதம் வாடகைதாரருக்கு இந்தப் பாதுகாப்பைத் தராது. கட்டடம் விற்கப்பட்டால் வாங்கியவர், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்பார். ஆகவே பதிவு முடிந்த பிறகே மானியத்தின் முதல் தவணையைக் கொடுக்க வேண்டும்.

எப்போது நல்லது: தனியார் உரிமையாளர், விற்கும் எண்ணம் இல்லாதவர், சமாளிக்கக்கூடிய பழுது. நில விலை இன்னும் தலைகீழாக ஏறாத தெருக்களில் இது மிகச் சிறப்பாக வேலை செய்யும். ஏறிவிட்ட தெருவில் எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது.

## வழி 3: கட்டடப் பயன்பாட்டுக்கு வரம்பு

என்ன தருகிறது: பணம் செலவில்லாமல் ஹோட்டல் விலையைத் தெருவுக்கு வெளியே வைப்பது. இந்தப் பகுதியில் புதிய தங்கும் விடுதிக்கு உரிமம் இல்லை என்றால், உரிமையாளரின் கனவில் வரும் வாடகையும் இறங்கும். பார்சலோனா 2017-ல் பழைய நகர மையத்தில் புதிய விடுதிகளுக்கு இப்படித்தான் கதவைச் சாத்தியது. ஜார்ஜ் டவுனின் சிறப்புப் பகுதித் திட்டத்திலும் பயன்பாட்டு விதிகள் உண்டு.

மறைவான செலவு: விதி வகையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. முப்பது வருடப் பூக்கடையும் போன வாரம் திறந்த ஐஸ்கிரீம் கடையும் விதியின் கண்ணில் இரண்டும் "கடை". பூக்கடைக்காரர் போய் ஐஸ்கிரீம்காரர் வந்தால் எந்த விதியும் மீறப்படவில்லை. ஏற்கனவே உரிமம் வைத்திருக்கும் விடுதிகளுக்குப் போட்டி இல்லாத லாபமும் கிடைத்துவிடும். கூரைக் கேள்விக்கு இந்த வழியில் பதிலே கிடையாது.

கண்காணிப்பும் கடினம். மாடி வீடு சத்தமில்லாமல் நாள் வாடகை அறையாக மாறிவிடும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மாலை ஏழரை மணி வாக்கில், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடந்துபோய் மாடிச் சன்னல்களைப் பார்க்க வேண்டும். துணி காயும் சன்னல், சாமி படத்துக்கு விளக்கு எரியும் சன்னல், எண் பூட்டு மாட்டிய கதவு என்று தெரு தெருவாகக் குறித்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி நடந்தால் போதும். தண்ணீர் மீட்டர் கணக்கும் உதவும், ஆனால் அதை நகராண்மைதான் கேட்டு வாங்க முடியும்.

எப்போது நல்லது: தனியாக அல்ல, துணையாக. முக்கியமாக, பெயரும் பணமும் வருவதற்கு முன்னால் போட வேண்டும். தளவாரியாகப் போட்டால் இன்னும் நல்லது. கீழ்த்தளம் கடை, மேல்தளம் குடியிருப்பு என்று எழுதினால் நான்காவது கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கிறது.

## வழி 4: பொதுக் கைகளில் கட்டடம்

என்ன தருகிறது: உரிமையாளர் மாறும் பயமே இல்லை. பினாங்குக்கு இதில் வேறு பல நகரங்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. சீனக் குலச் சங்கங்களான கொங்சிகள் வரிசை வரிசையாகக் கடைவீடுகள் வைத்திருக்கின்றன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வக்ஃப் நிலங்கள் உண்டு. இந்த நிலங்கள் ஒரு சமூகம் தன் மக்களுக்காக ஒதுக்கியவை. புதிதாக யாரும் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

மறைவான செலவு: பொது அமைப்பு என்பதாலேயே அது வாடகைதாரருக்கு நண்பன் ஆகிவிடாது. குழுவுக்கும் வருமானம் வேண்டும். கல்வி உதவித்தொகைக்கும் திருவிழாவுக்கும் ஹோட்டல் குத்தகை நல்ல பணம். தலைமை மாறினால் கொள்கையும் மாறும். "என் மகனுக்குக் கடை வேண்டும்" என்று உறுப்பினர்களும் வருவார்கள். காலியான அறையை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எழுதிய விதி இல்லாவிட்டால் வேண்டியவருக்கே போகும்.

அரசே நில உரிமையாளராக இருப்பதும் போதாது. வெல்ட் கீ கரையோரத்தில் சீனக் குலங்கள் குடியிருக்கும் படகுத் துறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மேல் கால் நட்டு நிற்கும் அந்த வீடுகள் அரசு நிலத்தில், தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ பட்டியல் வரும் முன்பே, 2006-ல் இரண்டு துறைகள் இடிக்கப்பட்டன. மிஞ்சியவற்றை மரபுப் பெயர் காப்பாற்றியது. சியூ துறையில் இன்று சுற்றுலாப் பயணிகள் வீட்டு வாசல் வரை வருகிறார்கள். நிலம் அரசுடையது, உரிமம் தற்காலிகமானது என்றால் அடுத்த தலைமுறை எதை நம்பி வீட்டைச் செப்பனிடும்?

எப்போது நல்லது: சங்கம் ஏற்கனவே கட்டடம் வைத்திருந்தால் இதுதான் முதல் வழி. புதிதாகச் சந்தை விலையில் வாங்கி ஆரம்பிப்பது, விலை ஏறிய பின் கனவாகவே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | உரிமையாளர் மாறினால் | கூரைக்குப் பணம் | 15 ஆண்டு கழித்து | குடியும் கடையும் |
|---|---|---|---|---|
| வாடகைக் கட்டுப்பாடு | நிற்கும் | இல்லை | நீக்கும் நாளில் பெரிய அதிர்ச்சி | இரண்டும் |
| நிபந்தனை மானியம் | பதிவு செய்தால் நிற்கும் | உண்டு | குத்தகை முடிந்தால் மறுபேச்சு | எழுதுவதைப் பொறுத்தது |
| பயன்பாட்டு வரம்பு | வகை நிற்கும், ஆள் நிற்பது உறுதியில்லை | இல்லை | விதி மாறாத வரை | தளவாரியாக எழுதினால் |
| பொது உடைமை | மாறாது | அமைப்பே தேட வேண்டும் | தலைமையைப் பொறுத்தது | இரண்டும் |

## அந்த இரண்டு வாசகர்களுக்கு

சங்கக் குழுவில் இருப்பவருக்கு: மொத்த வரிசையையும் கொடுக்காதீர்கள். உங்களிடம் நான்காவது வழி கையில் இருக்கிறது, அதை விற்றுவிட்டுப் பின்னால் தேடினால் கிடைக்காது. பணம் உண்மையிலேயே இல்லையென்றால், காலியாக இருக்கும் வீட்டை மட்டும், அப்படி ஒன்று இருந்தால், சந்தை வாடகைக்கு விடுங்கள். அந்த வருமானத்தைக் கூரைக் கணக்கு என்று தனிக் கணக்கில் போட்டு, மற்ற வீடுகளின் கூரை ஓடுகளை வருடத்துக்கு ஒரு வீடாக மாற்றுங்கள். மானியம் கேட்கும்போது முழு மரபுச் செப்பனிடலுக்குக் கேட்காமல், நான் மேலே சொன்ன அவசியப் பழுதுகளுக்குக் கேளுங்கள். வேலை நடக்கும்போது மாடியில் இருப்பவர்களை வெளியூருக்கு அனுப்பாதீர்கள். ஒரு வீட்டை எப்போதும் காலியாக வைத்து, அதில் மாறி மாறித் தங்க வையுங்கள். தற்காலிகமாக என்று தூரத்துக்கு அனுப்பப்பட்ட முதியவர்கள் திரும்பி வருவது அரிது. புது இடத்தில் மருத்துவர் பழகிவிடுவார், பேரப்பிள்ளை பள்ளி மாறிவிடுவான்.

கடைக்காரருக்கு: வாடகைக் கட்டுப்பாடு திரும்ப வேண்டும் என்று மனுப்போட்டால் அது நடக்க வருடங்கள் ஆகும், உங்கள் உரிமையாளரோ இந்த வருடம் மாறுகிறார். மாத வாடகையை இப்போதே எழுத்து ஒப்பந்தமாக்கக் கேளுங்கள். மூன்று ஆண்டு கிடைத்தால்கூட வழக்கறிஞர் மூலம் அதை உரிமைப் பத்திரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் இது லாபம். தெருவில் இருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து போடும் மனுவில் இரண்டை மட்டும் கேளுங்கள்: குத்தகை பதிவாகாமல் செப்பனிடும் மானியம் கிடையாது என்ற விதி, மேல்தளம் குடியிருப்புக்கே என்ற விதி. மாநில அரசும் நகராண்மையும் புதிய சட்டத்துக்குக் காத்திராமல், மானிய நிபந்தனையாகவும் திட்ட விதியாகவும் கொண்டுவரக்கூடியவை இவை.

மனுவோடு ஒரு பட்டியலை இணையுங்கள். தெருவில் ஒவ்வொரு கடையின் பெயர், எத்தனை வருடமாக இருக்கிறது, மாடியில் எத்தனை பேர், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது. பட்டியலின் கடைசி நெடுவரிசையில் "மாதா மாதம்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணை மனுவின் முதல் வரியில் போடுங்கள்.